‘வித்தியாசம் இல்லை’ என்று கட்டுரை சொன்னால்: நர்சிங் ஆய்வில் பி மதிப்பையும் நம்பிக்கை இடைவெளியையும் வாசிக்கும் முறை

ஜர்னல் கிளப்புக்காகவோ அசைன்மென்டுக்காகவோ ஒரு நர்சிங் ஆய்வுக் கட்டுரையை விமர்சிக்க உட்காருபவர்கள், புள்ளியியல் பகுதிக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே ஒரு விதியைத்தான் கையில் வைத்திருப்பார்கள். பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் ‘பலன் இருக்கிறது’. மேலே இருந்தால் ‘வித்தியாசம் இல்லை’. இந்த விதியின் முதல் பாதியை வைத்து ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். இரண்டாம் பாதிதான் ஆபத்து. ‘வித்தியாசம் இல்லை’ என்ற முடிவை நம்பி வார்டில் ஒரு நடைமுறையையே மாற்றிவிடுவார்கள். ஆனால் அந்த ஆய்வு அப்படி எதையும் நிரூபித்திருக்காது. அதனால் இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் பாதியைச் சுற்றியே போகிறது.

எடுத்துக்கொள்ளும் கேள்வி வார்டில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் பழக்கமானது. கையில் போட்ட ஐ.வி. கேனுலாவை (வென்ஃப்ளான் என்றால் சட்டென்று புரியும்) மூன்று நாளுக்கு ஒரு முறை கட்டாயம் மாற்ற வேண்டுமா, அல்லது வீக்கம், வலி, அடைப்பு என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் மாற்றினால் போதுமா? இதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு முக்கியமான சோதனைகள் வந்தன. 2008-இல் பி.எம்.ஜே. இதழில் ஜோன் வெப்ஸ்டர் குழுவினர் எழுதியது ஒன்று. அதில் 755 நோயாளிகள். 2012-இல் லான்செட் இதழில் கிளேர் ரிக்கார்டு குழுவினர் எழுதியது மற்றது. குவீன்ஸ்லாந்தின் மூன்று மருத்துவமனைகளில் 3283 நோயாளிகள். வெப்ஸ்டர் இரண்டாவது குழுவிலும் இருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு கட்டுரையும் சொல்வது ஒன்றுதான். எண்களை வாசித்தால் அப்படி இல்லை.

முதல் வேலை: பி மதிப்பைப் பார்க்காமல் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்

சுருக்கத்தின் கடைசி வரியை, அதாவது முடிவுரையை, கையால் மறைத்துவிட்டு முடிவுகள் பகுதிக்குப் போங்கள். ஆசிரியர்களின் முடிவை முதலில் படித்துவிட்டால் எண்களும் அதற்கு ஏற்றபடிதான் கண்ணுக்குத் தெரியும். ஒரு தாளில் இந்த நான்கையும் குறியுங்கள்: முதன்மை விளைவு எது, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு அது நடந்தது, இரண்டு குழுவுக்கும் இடையே உள்ள வேறுபாடு எந்த அளவையில் சொல்லப்பட்டிருக்கிறது, அதன் நம்பிக்கை இடைவெளி என்ன.

2008 கட்டுரைக்கு அந்தத் தாள் இப்படி இருக்கும். விளைவு: ஃபிளெபைடிஸ் (இரத்தக்குழாய் அழற்சி) அல்லது திரவம் திசுவுக்குள் கசிவதால் கேனுலா பயனற்றுப்போவது. வழக்கப்படி மாற்றிய குழுவில் 376 பேரில் 123 பேர், அதாவது 33%. தேவைப்பட்டபோது மட்டும் மாற்றிய குழுவில் 379 பேரில் 143 பேர், அதாவது 38%. அச்சில் இருப்பது:

```
RR 1.15 (95% CI 0.95 to 1.40)
```

இதில் முதல் எண் ரிலேட்டிவ் ரிஸ்க். 38-ஐ 33-ஆல் வகுத்தால் வருவது. வகுத்துப் பாருங்கள், கட்டுரையின் எண்ணை நீங்களே ஒரு முறை வரவழைத்துவிட்டால், எந்தக் குழு மேலே, எந்தக் குழு கீழே என்பதில் பிறகு குழப்பமே வராது. தலைகீழாக வாசித்துவிட்டு ‘தேவைப்பட்டபோது மாற்றினால் 15% குறைவு’ என்று எழுதுவது மிக சாதாரணமாக நடக்கும் தவறு.

அடுத்து: ‘வித்தியாசமே இல்லை’ என்பதற்கான எண் பூஜ்யமா, ஒன்றா?

வேறுபாடு கழித்தலில் வந்திருந்தால் (சதவீத வித்தியாசம், சராசரி வித்தியாசம்) ‘இரண்டும் சமம்’ என்பதைக் குறிக்கும் எண் 0. வகுத்தலில் வந்திருந்தால் (ரிலேட்டிவ் ரிஸ்க், ஆட்ஸ் ரேஷியோ, ஹஸார்ட் ரேஷியோ) அந்த எண் 1. அந்த எண் 95% இடைவெளிக்குள் விழுந்தால் பி மதிப்பு 0.05-க்கு மேல் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் கீழே இருக்க வேண்டும். 0.95-க்கும் 1.40-க்கும் நடுவே 1 இருக்கிறது. கணக்குப் போட்டால் பி மதிப்பு 0.15 அளவில் வருகிறது. பொருந்துகிறது.

இதை ஒரு சோதனைக் கருவியாகவும் வைத்துக்கொள்ளலாம். இடைவெளி 1-ஐத் தாண்டிப் போகிறது, பக்கத்திலேயே பி மதிப்பு 0.01 என்று போட்டிருக்கிறது என்றால், ஒன்று அச்சுப்பிழை, அல்லது இரண்டு எண்ணும் வெவ்வேறு கணக்கிலிருந்து வந்தவை. ஒன்று சரிசெய்யப்பட்ட மாதிரியிலிருந்தும் மற்றது சாதாரண கை-ஸ்கொயர் சோதனையிலிருந்தும் வந்திருக்கலாம். அதை விமர்சனத்தில் கேள்வியாக எழுதுங்கள்.

இன்னொரு சிறு சோதனை. கழித்தலில் வந்த வேறுபாடு பெரும்பாலும் இடைவெளியின் நட்டநடுவில் இருக்கும். விகிதம் அப்படி இருக்காது; 1.15-இலிருந்து கீழ்முனை 0.20 தள்ளி, மேல்முனை 0.25 தள்ளி. இதைப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். விகிதங்களுக்குக் கணக்கு லாக் அளவில் நடப்பதால் அப்படித்தான் வரும். இரண்டு முனைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.15 திரும்பக் கிடைக்கும்.

பி மதிப்பு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

0.15 என்றால் இதுதான்: இரண்டு முறைக்கும் உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டு, இதே அளவில் ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்தால், இந்த அளவோ இதைவிடப் பெரிய அளவோ உள்ள வித்தியாசம் தற்செயலாக மட்டுமே 100-க்குச் சுமார் 15 தடவை தென்படும். அவ்வளவுதான்.

இது ‘வித்தியாசம் இல்லாமல் இருக்க 15% வாய்ப்பு’ என்பதல்ல. ‘வித்தியாசம் இருக்க 85% வாய்ப்பு’ என்பதும் அல்ல. வித்தியாசம் இல்லை என்பதை அனுமானமாக எடுத்துக்கொண்டே கணக்கு தொடங்குகிறது. தான் தொடங்கிய அனுமானம் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நடைமுறையில் நமக்கு வேண்டிய விஷயம் இன்னொன்று. பி மதிப்பு பெரிதாக இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: உண்மையிலேயே வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம், அல்லது இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் அளவுக்கு ஆள் எண்ணிக்கை போதாமல் இருக்கலாம். எது என்பது பி மதிப்பை மட்டும் வைத்துத் தெரியாது. இடைவெளியைப் பார்த்தால் தெரியும்.

இடைவெளியின் இரண்டு முனைகளையும் நோயாளிக் கணக்கில் சொல்லிப் பாருங்கள்

இந்த ஒரு படியைச் செய்தாலே விமர்சனத்தின் பாதி வேலை முடிந்த மாதிரி. 0.95 என்றும் 1.40 என்றும் வைத்துக்கொண்டிருந்தால் எதுவும் தோன்றாது. 100 நோயாளிகள் என்று மாற்றுங்கள். வழக்கப்படி மாற்றும் வார்டில் 100 பேரில் சுமார் 33 பேருக்குக் கேனுலா கெட்டுப்போகிறது. அதை 0.95-ஆல் பெருக்கினால் 31. 1.40-ஆல் பெருக்கினால் 46. இது தோராயக் கணக்குதான், ஆனால் வேலைக்கு உதவும்.

இப்போது வாக்கியமாக்குங்கள்: ‘வழக்கமான மாற்றத்தை நிறுத்தினால், 100 பேரில் கேனுலா கெட்டுப்போவோர் எண்ணிக்கை 33-இலிருந்து 31-ஆகக் குறையலாம், 46-ஆக ஏறவும் செய்யலாம். இந்த ஆய்வின் எண்கள் இரண்டோடும் ஒத்துப்போகின்றன.’

இரண்டு பேர் குறைவது யாருக்கும் பெரிய விஷயமல்ல. 13 பேருக்குக் கூடுதலாகக் கை வீங்கி, மறுபடி ஊசி குத்த வேண்டிவரும் என்றால் எந்த வார்டு இன்சார்ஜும் யோசிப்பார். இந்த இடைவெளி அந்த 13 பேரை விலக்கவில்லை. ஆனால் 2008 கட்டுரையின் முடிவுரை, தேவைப்பட்டபோது மாற்றுவதால் கேனுலா கெட்டுப்போவதில் விளைவு எதுவும் இல்லை என்ற தொனியில் எழுதப்பட்டிருக்கிறது. எண்கள் அனுமதிப்பது ‘வித்தியாசம் உண்டா இல்லையா என்று இந்த ஆய்வால் தீர்மானிக்க முடியவில்லை’ என்பதை மட்டுமே. ஆசிரியர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இன்னும் பெரிய சோதனைகள் தேவை என்று அதே முடிவுரையில் எழுதியிருக்கிறார்கள்.

‘95%’ என்பதையும் இங்கே ஒரு வரியில் முடித்துவிடலாம். இதே மாதிரி ஆய்வை நூறு முறை செய்து நூறு இடைவெளிகள் போட்டால், ஏறக்குறைய 95 இடைவெளிகளுக்குள் உண்மையான எண் அகப்படும். நம் கையில் இருக்கும் இந்த ஒன்று அந்த 95-இல் சேர்ந்ததா, மீதி ஐந்தில் சேர்ந்ததா என்று தெரியாது. விமர்சனத்தில் ‘தரவோடு ஒத்துப்போகும் எண்களின் வீச்சு’ என்று எழுதினால் யாரும் தவறு சொல்ல மாட்டார்கள்.

கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது?

சமம் என்று நிரூபிக்க வேண்டுமானால், எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே அறிவித்திருக்க வேண்டும். 2012 சோதனை அதைச் செய்தது. ஃபிளெபைடிஸ் 3 சதவீதப் புள்ளிக்குள் வேறுபட்டால் இரண்டு முறையும் சமம் என்று எடுத்துக்கொள்வோம் என முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள். முடிவு: தேவைப்பட்டபோது மாற்றிய 1593 பேரில் 114 பேருக்கு ஃபிளெபைடிஸ், வழக்கப்படி மாற்றிய 1690 பேரில் 114 பேருக்கு. இரண்டுமே ஏறத்தாழ 7%.

```
Risk difference 0.41% (95% CI -1.33 to 2.15)
```

கழித்தல் என்பதால் இங்கே சமம் என்பதற்கான எண் 0. அது இடைவெளிக்குள் இருக்கிறது. பி மதிப்பைக் கணக்கிட்டால் 0.64 வரும். 0.15, 0.64 என்ற இரண்டு பி மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டுமே ‘முக்கியத்துவம் இல்லை’ என்ற ஒரே பெட்டியில் போய் விழுகின்றன. ஆனால் இரண்டாவது ஆய்வில் மோசமான முனையே 2.15-தான், 3 என்ற கோட்டைத் தொடவில்லை. 100 பேருக்குக் கூடிப்போனால் இரண்டு பேர் அதிகம், அதற்கு மேல் போக வாய்ப்பு குறைவு என்று இங்கே சொல்ல முடிகிறது. 2008 ஆய்வால் சொல்ல முடியாமல் போனது இதுதான்.

விமர்சனம் இதோடு நின்றுவிடக் கூடாது. அந்த 3 நியாயமான கோடா? அடிப்படை 7% இருக்கும் இடத்தில் 3 புள்ளி கூடினால் 10%. அதாவது முன்பைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல் அதிகம். கொஞ்சம் தாராளமான கோடு என்று ஒருவர் வாதிடலாம். கோடு 2-ஆக இருந்திருந்தால், இதே எண்கள் சோதனையில் தோற்றிருக்கும், ஏனென்றால் 2.15 அதைத் தாண்டுகிறது. தரவு மாறவில்லை, தீர்ப்பு மட்டும் மாறுகிறது. அதனால்தான் கோட்டை எப்போது போட்டார்கள் என்பதை முறையியல் பகுதியிலும், முடிந்தால் சோதனைப் பதிவேட்டிலும் தேடிப் பார்க்க வேண்டும். முடிவு வந்த பிறகு போட்ட கோட்டுக்கு மதிப்பில்லை.

என் கணிப்பில், மோசமான முனையையே எடுத்துக்கொண்டாலும் 100-க்கு இரண்டு கூடுதல் ஃபிளெபைடிஸ் என்பது, தேவையில்லாமல் குத்தப்படும் ஊசிகளோடு ஒப்பிட்டால் ஏற்கக்கூடியதே. ஒரு நர்ஸாக நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். இந்த இடத்தில் புள்ளியியல் விலகிக்கொள்கிறது. வார்டு அனுபவம் பேச வேண்டும்.

வகுக்கும் எண் எது?

ஆள் கணக்கா, கேனுலாக் கணக்கா, நாள் கணக்கா என்பதைப் பார்க்காமல் பலர் கடந்துவிடுகிறார்கள். 2012 சோதனையில் 3283 பேருக்குப் போட்ட கேனுலாக்கள் மொத்தம் 5907. முதன்மைக் கணக்கு நோயாளிகளை வைத்தே போடப்பட்டது. அது சரியான முடிவு. ஒரே நோயாளியின் மூன்று கேனுலாக்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல. இரத்தக்குழாய் மெலிந்தவருக்கு மூன்றுமே கெட்டுப்போகலாம். அவற்றைத் தனித்தனி ஆட்களாக எண்ணினால் மாதிரி பெரிதாகத் தோன்றும், இடைவெளி பொய்யாகச் சுருங்கும், பி மதிப்பும் பொய்யாகக் குறையும். நர்சிங் ஆய்வுகளில் படுக்கைப்புண், கேனுலா, கதீட்டர் என்று ஒரு ஆளுக்குப் பல இருக்கக்கூடிய எதைப் பார்த்தாலும், அட்டவணையின் தலைப்பில் உள்ள எண் ஆட்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், ஒரே ஆளிடமிருந்து வந்த அளவுகளைச் சேர்த்துக் கையாளும் முறை ஏதாவது முறையியலில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

நாள் கணக்குக்கு 2008 கட்டுரையே உதாரணம். கேனுலா இருந்த 1000 நாட்களுக்கு எத்தனை கெட்டன என்று கணக்கிட்டபோது ரிலேட்டிவ் ரிஸ்க் 1.15-இலிருந்து 0.98-ஆக இறங்கியது, இடைவெளி 0.78 முதல் 1.24 வரை. காரணம் எளிது: தேவைப்பட்டபோது மட்டும் மாற்றினால் கேனுலா அதிக நாள் கையில் இருக்கும், கெட்டுப்போக அதிக வாய்ப்பும் கிடைக்கும். ‘இந்த நோயாளிக்கு எப்போதாவது கெடுமா’ என்ற கேள்விக்கு முதல் எண் பதில். ‘ஒரு நாளைக்கு உள்ள ஆபத்து கூடுகிறதா’ என்பதற்கு இரண்டாவது. கட்டுரையின் முடிவு எந்த எண்ணை நம்பி எழுதப்பட்டது என்று கேளுங்கள். 0.98 என்பதைப் பார்த்ததும் சமாதானமாகிவிடவும் வேண்டாம். 22% குறைவு முதல் 24% அதிகம் வரை விரியும் இடைவெளியும் சமத்தை நிரூபிப்பதில்லை.

பி மதிப்பு சிறியதாக இருந்தால்

இதே வாசிப்பைத் திருப்பிப் போட்டால் போதும். கற்பனையாக ஒரு பெரிய ஆய்வை எடுத்துக்கொள்வோம்: ஊசி போடும் முன் குளிர் ஒத்தடம் கொடுத்தால், 0 முதல் 10 வரையான வலி அளவில் சராசரி 0.3 குறைகிறது, இடைவெளி 0.2 முதல் 0.4, பி மதிப்பு 0.001-க்கும் கீழ். வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது சரி. ஆனால் திடீரென்று வந்த வலியில் நோயாளிக்கே ‘குறைந்திருக்கிறது’ என்று தோன்ற 10-க்கு ஏறத்தாழ 1.3 மாற வேண்டும் என்று அவசர சிகிச்சைப் பிரிவு ஆய்வுகள் சொல்கின்றன. இங்கே சிறந்த முனையான 0.4-கூட அதற்குப் பக்கத்தில் வரவில்லை. பி மதிப்பு எவ்வளவு சிறியதோ பலன் அவ்வளவு பெரியது என்று எழுதப்பட்ட விமர்சனங்கள் ஏராளம். ஆள் எண்ணிக்கை கூடினாலே பி மதிப்பு சிறுத்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதன்மை விளைவில் ஒன்றும் கிடைக்காமல், இருபது துணை விளைவுகளில் ஒன்று மட்டும் 0.04 என்று காட்டி அதைச் சுருக்கத்தில் முன்னால் வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளில், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64% வாய்ப்பு உண்டு.

± என்று போட்டால் எல்லாம் இடைவெளி ஆகிவிடாது

2012 கட்டுரையில் மூன்றாம் நாளிலும் கையில் இருந்த கேனுலாக்கள் சராசரியாக எத்தனை மணி நேரம் இருந்தன என்று கொடுத்திருக்கிறார்கள்: தேவைப்பட்டபோது மாற்றிய குழுவில் 99 மணி, அடைப்புக்குறிக்குள் 54, வழக்கப்படி மாற்றிய குழுவில் 70 மணி, அடைப்புக்குறிக்குள் 13. அடைப்புக்குறிக்குள் இருப்பது திட்ட விலக்கம். கேனுலாவுக்குக் கேனுலா எவ்வளவு வேறுபட்டது என்பதை அது காட்டும்; சராசரி எவ்வளவு துல்லியமானது என்பதை அல்ல. 99-இலிருந்து 54-ஐக் கழித்தால் 45, அது 70-க்குக் கீழே போகிறது, ஆகவே வித்தியாசம் இல்லை என்று வாதிட்டால் தவறு. அந்த 54-இல் வேறொரு செய்தி இருக்கிறது: நாள் கணக்கை விட்டுவிட்டால் சில கேனுலாக்கள் சீக்கிரம் போய்விடுகின்றன, சில பல நாள் தாங்குகின்றன. 13 என்ற சிறிய எண், வழக்கப்படி மாற்றிய குழுவில் பெரும்பாலான கேனுலாக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டதைக் காட்டுகிறது.

இடைவெளிக்குள் அடங்காதவை

நம்பிக்கை இடைவெளி தற்செயலுக்கு மட்டும்தான் கணக்கு வைக்கிறது. கேனுலாவை எப்போது மாற்றுகிறார்கள் என்பதை வார்டில் யாரிடமும் மறைக்க முடியாது. எந்தக் குழு என்று தெரிந்துகொண்டே கையைப் பார்ப்பவர் ‘லேசான சிவப்பு’ என்பதை ஒரு குழுவில் எழுதி, மற்றொன்றில் விட்டுவிட வாய்ப்பு உண்டு. அப்படி நடந்தால் இடைவெளி எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் தவறான இடத்தைச் சுற்றிக் குறுகியிருக்கும். ஆகவே அளவிட்டவர் யார், எந்த வரையறையை வைத்து அளவிட்டார் என்பதை இடைவெளியைப் படிக்கும் அதே நேரத்தில் தேடுங்கள்.

விமர்சனத்தில் எழுதும்போது, ‘பி மதிப்பு 0.05-க்கு மேல் இருப்பதால் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை’ என்ற வாக்கியத்தை இப்படி மாற்றலாம்:

‘தேவைப்பட்டபோது மட்டும் கேனுலா மாற்றிய குழுவில் தோல்வி 38%, வழக்கப்படி மாற்றிய குழுவில் 33% (ரிலேட்டிவ் ரிஸ்க் 1.15; 95% நம்பிக்கை இடைவெளி 0.95 முதல் 1.40). இடைவெளி சிறிய நன்மையிலிருந்து 40% அதிகத் தோல்வி வரை விரிவதால், ஆசிரியர்கள் சொல்வதுபோல் விளைவு இல்லை என்ற முடிவுக்கு இந்தத் தரவு மட்டும் போதாது. ஃபிளெபைடிஸை மட்டும் எடுத்துக்கொண்டு, 3 சதவீதப் புள்ளி என்ற எல்லையை முன்பே அறிவித்த 2012 சோதனையில் (வேறுபாடு 0.41, இடைவெளி −1.33 முதல் 2.15) மேல்முனை அந்த எல்லைக்குள் நிற்கிறது, நடைமுறை மாற்றத்துக்கு ஆதாரமாகக் காட்ட வேண்டியது அதையே.’